பலகையில் மை இருக்கும்வரை

தமிழ்நாட்டுச் சிறுநகரம் ஒன்றின் கடைவீதியில் நின்று ஏதாவது ஒரு பெயர்ப் பலகையை நிமிர்ந்து பாருங்கள். நடுவில் கடையின் பெயர். கீழே தெருவும் ஊரும். ஓரத்தில் ஒரு கைப்பேசி எண்ணும், பழைய பலகையாக இருந்தால் ஊர்க் குறியீட்டோடு தரைவழித் தொலைபேசி எண்ணும். 0452 என்று தொடங்கினால் மதுரை, 04324 என்றால் கரூர். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை என்றால், பதினைந்து எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு எண்ணை நுழைவாயில் பலகையில் எழுதியாக வேண்டும் என்பது விதி. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. முழு எண்ணையும் அரசின் இணையதளத்தில் தட்டினால் கடையின் பெயர் வந்துவிடும். டாஸ்மாக் கடையானால் பலகையிலேயே கடை எண் இருக்கிறது.

வாடிக்கையாளர் வழி தவறாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விவரங்கள் இவை. வரக்கூடாதவர் ஒருவருக்கும் அவை அதே வழியைத்தான் காட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமியின் தாய் பத்திரிகையாளரிடம் பேசுகிறார். முகம் தெரியாதபடி முதுகுப்புறமிருந்து படம் எடுக்கிறார்கள், பெயரை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் அவர் நிற்கும் தெருவின் எதிர்ப்பக்கத்தில் மளிகைக் கடைப் பலகை ஒன்று படத்துக்குள் விழுந்துவிடுகிறது. மாற்றிய பெயரும் மறைத்த முகமும் அந்த இடத்திலேயே பயனற்றுப் போகின்றன.

சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி இவற்றோடு அக்கம்பக்கத்தையும் சேர்த்தே வெளியிடக் கூடாது என்கிறது. அடையாளம் காண வழி செய்யும் வேறெந்த விவரமும் கூடாது. சிறப்பு நீதிமன்றம் குழந்தையின் நலன் கருதி எழுத்து மூலம் அனுமதித்தால்தான் விலக்கு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். படம் எடுத்தவரோடு வெளியிட்ட நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. தொலைதூரத் தொடர்பாகக்கூட, பாதிக்கப்பட்டவரை இன்னார் என்று கண்டுகொள்ள உதவும் எந்தச் செய்தியும் அச்சிலோ காட்சி ஊடகத்திலோ வரக்கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. பின்னணியில் இருக்கும் கடைப் பலகை அந்த வரம்புக்குள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுகிறது.

அதனால் பலகையை மறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி மறைக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. பெரும்பாலும் அவசரத்தில், பலகையின் மேல் ஒரு கட்டத்தை வரைந்து, மங்கலாக்கும் வசதியை ஒருமுறை அழுத்திவிட்டு, கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை என்றதும் அனுப்பிவிடுகிறார்கள்.

மங்கலாக்கும்போது படத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கைப்பேசியில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எதிர்ப்பக்கக் கடையின் பலகை 620 பிக்சல் அகலம், 140 பிக்சல் உயரம். கடைப் பெயரின் எழுத்துகள் சுமார் 60 பிக்சல் உயரம். கீழே உள்ள கைப்பேசி எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் 22 பிக்சல் உயரம், 12 பிக்சல் அகலம்.

பலகையைச் சதுரக் கட்டங்களாக உடைத்துக் காட்டும் மொசைக் முறையில் மறைக்கிறீர்கள், கட்டம் ஒன்று 8 பிக்சல் அளவு. அந்தக் கட்டத்துக்குள் இருந்த அறுபத்து நான்கு புள்ளிகளின் நிறத்தையும் கணினி கூட்டிச் சராசரி எடுத்து, கட்டம் முழுவதற்கும் அந்த ஒரே நிறத்தைப் பூசுகிறது. வெள்ளைப் பலகையில் கறுப்பு மையால் 1 என்று எழுதியிருந்த இடத்தில் மை குறைவு, அதனால் கட்டம் வெளிறியிருக்கும். 8 இருந்த இடத்தில் மை அதிகம், கட்டம் கறுத்திருக்கும். இலக்கம் கண்ணிலிருந்து மறைந்தது உண்மை. அங்கே எவ்வளவு மை இருந்தது என்ற கணக்கு மட்டும் அப்படியே படத்தில் தங்கிவிட்டது.

கண்டுபிடிக்க நினைப்பவர் செய்வது பின்னோக்கிப் போகும் வேலை அல்ல. கலந்த மையை அவர் பிரிக்க முயல்வதே இல்லை. அதே போன்ற எழுத்துருவில் 0 முதல் 9 வரை தானே எழுதி, அதே அளவுக் கட்டத்தால் உடைத்து, எது உங்கள் படத்தோடு பொருந்துகிறது என்று பார்க்கிறார். பத்து இலக்க எண் ஒன்றை மொத்தமாக ஊகிக்க ஆயிரம் கோடி வாய்ப்புகள் உண்டு. ஆனால் ஒரு கட்டம் ஓர் இலக்கத்தையோ, மிஞ்சினால் அடுத்ததன் ஓரத்தையோதான் தொடுகிறது. எனவே ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே முயன்று பார்க்கலாம். ஓர் இலக்கத்துக்குப் பத்து முயற்சி, பத்து இலக்கத்துக்கு நூறு. கட்டங்கள் இரண்டு இலக்கங்களில் சரிந்து கிடந்தால் இன்னும் சில மடங்கு. கணினிக்கு இது ஒரு வேலையே அல்ல. இந்தியக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பது போன்ற விவரங்கள் அவருக்கு இன்னும் எளிதாக்கித் தருகின்றன.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2016-இல் இதே வழியைச் சீராகச் செய்து காட்டினார்கள். மொசைக்காலும் மங்கலாலும் மறைத்த எழுத்துகளையும் எண்களையும் புள்ளியியல் முறையால் மீட்க முடியும் என்பது அவர்களது முடிவு. அந்த ஆய்வு ஆவணங்களைப் பற்றியது. தெருப்படத்தில் பலகை சாய்ந்திருக்கும், வெயில் ஒருபக்கம் அடித்திருக்கும், கைப்பேசி படத்தைச் சுருக்கிச் சேமித்ததில் விளிம்புகள் சிதைந்திருக்கும். எனவே தெருப்படத்தில் இந்த வேலை கடினம்தான். ஆனால் தேடுபவருக்கு இங்கே வேறொரு வசதி இருக்கிறது. பலகையில் உள்ளது ஏதோ ஒரு சொல் அல்ல, ஊரில் உண்மையாகவே இருக்கும் ஒரு கடையின் பெயர். எந்த வட்டாரம் என்று ஓரளவு ஊகம் இருந்தால், இணைய வரைபடத்திலிருந்து அங்குள்ள கடைகளின் பெயர்களைத் திரட்டிக்கொள்ளலாம். சில நூறு பெயர்களில் எது இந்த மங்கலுக்குப் பொருந்துகிறது என்று பார்த்தால் போதும், எழுத்தெழுத்தாகப் படிக்கத் தேவையில்லை. பெயர் எவ்வளவு நீளம், எத்தனை சொல், தொடக்கத்தில் ஸ்ரீயின் அகலமான உருவம் இருக்கிறதா, மேலே ஏறும் இகரக் குறி எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போனாலே பட்டியல் சுருங்கிவிடும்.

இதற்குக் கணினிகூட வேண்டாத நேரமும் உண்டு. 1973-இல் பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மனும் பேலா யூலெஷும் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரக் கட்டங்களாக உடைத்துக் காட்டினார்கள். அருகில் நின்று பார்த்தால் வெறும் கட்டங்கள், தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கன். கட்டங்களின் கூரிய விளிம்புகள்தான் நம் கண்ணைக் குழப்புகின்றன. அந்த விளிம்புகள் கரையும் தூரத்துக்குப் போனதும் மூளை மிச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் மறைத்த படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அல்லது திரையிலிருந்து பத்தடி தள்ளிப்போய் நின்று பாருங்கள். முழு அளவில் படிக்க முடியாத பெயர் அப்போது படிக்கக் கிடைத்தால், மறைப்பு போதவில்லை.

எழுத்தைக் கலைத்து வைப்பதும் எழுத்தை இல்லாமல் செய்வதும் வெவ்வேறு செயல்கள். இதற்கு உலகமறிந்த சான்று ஒன்று உண்டு. குழந்தைகளைச் சீரழித்த ஒருவன் தன் படங்களை இணையத்தில் போட்டபோது, தன் முகத்தை மட்டும் சுழல் போல முறுக்கி உருத்தெரியாமல் ஆக்கியிருந்தான். முறுக்கியதில் ஒரு புள்ளியும் அழியவில்லை, எல்லாம் இடம் மாறியிருந்தன, அவ்வளவே. ஜெர்மானியக் காவல்துறை வல்லுநர்கள் எதிர்த்திசையில் முறுக்கி முகத்தை மீட்டார்கள். 2007 அக்டோபரில் இன்டர்போல் அதை வெளியிட்டது, அதே மாதம் தாய்லாந்தில் அவன் பிடிபட்டான். அங்கே அது நல்லதற்குப் பயன்பட்டது. பாதுகாக்கப்பட வேண்டியவரின் படத்திலும் அதே வேலை நடக்கலாம் என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

சரியான முறை இதைவிடச் சிக்கலானது அல்ல, வரிசை மட்டும் மாற வேண்டும். முதலில் மையை அழிக்க வேண்டும், பிறகுதான் மங்கலாக்க வேண்டும். மூலப்படத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளிலோ ஃபோட்டோஷாப்பிலோ முழு அளவில் திறந்துகொள்ளுங்கள். பலகையின் நான்கு மூலைகளையும் தொட்டுத் தேர்ந்தெடுங்கள். உலோக எழுத்துகளைப் பொருத்திய பலகையானால் அவற்றின் நிழல் சட்டத்துக்கு வெளியேயும் விழும், அதையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுத்தே இல்லாத ஓர் இடத்தின் நிறத்தை எடுத்து, தேர்ந்தெடுத்த பகுதி முழுவதையும் நூற்றுக்கு நூறு அடர்த்தியில் நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் அங்கே கடையும் இல்லை, எண்ணும் இல்லை, ஒற்றை நிறம் மட்டுமே இருக்கும்.

அது கண்ணை உறுத்தும், படத்தில் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்த நிறத்தை ஒரு முனையில் கொஞ்சம் வெளிறவிடலாம். அதன் பிறகு தேர்வைச் சற்று விரித்து, Gaussian Blur என்ற வசதியை முப்பது நாற்பது பிக்சல் அளவில் கொடுங்கள். இப்போது பார்ப்பவருக்கு வழக்கமான மங்கல் பலகைதான் தெரியும், இங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று புரியும். ஆனால் அந்த மங்கலுக்கு அடியில் மீட்பதற்கு ஒன்றுமே கிடையாது. எத்தனை எழுத்துருவை எழுதிப் பொருத்திப் பார்த்தாலும் ஒற்றை நிறம் ஒற்றை நிறமாகவே இருக்கும்.

மங்கலை வெறும் அழகுக்காகத்தானே போடுகிறோம், ஒற்றை நிறத்தோடு விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். தாராளமாக விடலாம். பாதுகாப்பில் குறையே இல்லை. பத்திரிகைப் பக்கத்தில் ஒரு வெற்றுச் செவ்வகம் முகத்தை விட்டுவிட்டு வாசகர் கண்ணைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால்தான் வடிவமைப்பாளர்கள் மங்கலை விரும்புகிறார்கள்.

நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சில பலகைகளைப் படிக்க எழுத்து தேவையில்லை. நீல வட்டத்துக்குள் சாவித்துளை வடிவம் கொண்ட ஸ்டேட் வங்கியின் சின்னம், ஆரஞ்சும் நீலமும் கலந்த இந்தியன் ஆயில் நிலையம் இவையெல்லாம் எவ்வளவு மங்கலாக்கினாலும் தெரியும். பெருநகரத்தில் அது பரவாயில்லை, நூற்றுக்கணக்கான கிளைகளில் ஒன்று. ஒரே ஒரு கிளை உள்ள ஊரில், அந்த நீலமும் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் பச்சையும் சேர்ந்தாலே ஊர் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பலகைக்கு அதன் சொந்த நிறத்தை எடுக்காமல் சாம்பல் நிறத்தால் நிரப்புவது நல்லது. அல்லது அந்தப் பகுதியே இல்லாதபடி படத்தை வெட்டிக்கொள்ளலாம், அல்லது கறுப்பு வெள்ளையில் வெளியிடலாம்.

இனி, பெயரையே மாற்றி எழுதுவது. மங்கல் அசிங்கமாக இருக்கிறது, அதற்குப் பதில் வேறொரு கடைப் பெயரை அழகாக எழுதிவிடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். தொழில்நுட்பத்தில் அது கடினமல்ல. வெற்றுப் பலகையில் புதிய பெயரை எழுதி, அந்த எழுத்தின் நான்கு மூலைகளையும் பலகையின் நான்கு மூலைகளோடு பொருத்திச் சாய்த்து, படத்தின் மற்ற பகுதியில் உள்ள நுண்மணல் போன்ற இரைச்சலை அதன் மேலும் தூவினால் நம்பும்படி வந்துவிடும். சினிமாவில் கலை இயக்கப் பிரிவு இதைக் கணினி வருவதற்கு முன்பிருந்தே செய்துவருகிறது. படப்பிடிப்பு நடக்கும் தெருவில் உண்மையான பலகையின் மேல் கதைக்கேற்ற ஊர்ப் பெயரோடு ஒரு ஃபிளெக்ஸைக் கட்டிவிடுவார்கள். கதைப் படத்தில் அது முறையான வேலை, யாரும் அதை உண்மை என்று நம்பி ஏமாறுவதில்லை.

செய்திப் படத்தில் அதை ஏற்கவே முடியாது என்பது என் கருத்து. மங்கல் பலகை வாசகரிடம் மறைத்ததை ஒப்புக்கொள்கிறது, மாற்றிய பலகை பொய் சொல்கிறது. உலகின் பெரிய செய்தி நிறுவனங்கள் படத்துக்குள் ஒன்றைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் தடை செய்திருப்பது இதனால்தான். நடைமுறை ஆபத்து இன்னும் பெரியது. நீங்கள் கற்பனையாக எழுதிய முருகன் ஸ்டோர்ஸ் வேறெங்கோ உண்மையாகவே இருக்கும், அதுவும் பல ஊர்களில். படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கடைத் தெருவில் குடியிருக்கும், இந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு குடும்பத்தைச் சுட்டிக்காட்டத் தொடங்கினால் அந்தப் பழியைத் துடைப்பது யார்? கற்பனை எண் என்று எழுதும் பத்து இலக்கமும் அப்படித்தான், எங்கோ ஒருவர் பையில் அது ஒலிக்கும். பயிற்சிப் படத்துக்கோ விழிப்புணர்வுக் குறும்படத்துக்கோ மாற்றியே ஆக வேண்டுமென்றால் பெயரில்லாத பொதுச்சொல் போதும். ‘மளிகை’, ‘தேநீர்’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பலகையை அழித்துவிட்டோம். அதே பெயர் படத்தில் வேறெங்கும் இருக்கிறதா என்று தேடுவது அடுத்த வேலை. நம் ஊரில் கடைகள் தங்கள் பெயரைப் பலகையோடு நிறுத்துவதில்லை. ஜவுளிக்கடை கொடுத்த மஞ்சள் பை பக்கத்துவீட்டுக்காரர் கையில் தொங்கும். வீட்டுக்குள் எடுத்த படமென்றால் சுவரில் தினசரிக் காலண்டர், அதன் அட்டையில் உள்ளூர் நகைக்கடையின் பெயரும் மூன்று தொலைபேசி எண்களும். துக்க வீட்டில் எடுத்த படமானால் வாடகை நாற்காலிகளின் முதுகில் பந்தல் அமைப்பாளரின் பெயரும் ஊரும் பெயின்டால் எழுதியிருக்கும். எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டியிருக்கும். அண்மைக்காட்சியில் இவை பலகையைவிடத் தெளிவாகவே வரும். கடைப் பெயர் எதிரே நிற்கும் காரின் கண்ணாடியிலும் மழைநீரிலும் தலைகீழாகவோ இடவலம் மாறியோ பிரதிபலித்திருக்கும். படத்தை ஒருமுறை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் அதுவரை கண்ணில் படாத எழுத்து சட்டென்று கண்ணில் படும்.

இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி முடிப்பது கடினம். அதனால் உதவும் எளிய வழி, வெளியிடும் படத்தைச் சிறியதாக்குவது. 4000 பிக்சல் அகலப் படத்தை 1200-க்குக் குறைத்தால், 22 பிக்சல் உயரமிருந்த இலக்கம் 7 பிக்சலுக்கும் கீழே போய்விடும். தூரத்துப் பேருந்தின் ஊர்ப்பலகையும் சுவரொட்டியின் சிற்றெழுத்தும் வண்டி எண்ணும் நாம் கவனிக்காமலேயே படிக்க முடியாத அளவுக்குச் சிதைந்துவிடும். இணையத்தில் வாசகருக்கு 1200 தாராளம். அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது, விட்டுப்போனவற்றுக்கு அது ஒரு கூடுதல் திரை.

கண்ணுக்குத் தெரியும் படத்தோடு வேலை முடிவதில்லை, கோப்புக்குள்ளும் இடம் எழுதப்பட்டிருக்கும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மக்கஃபி இருக்கும் இடம் வெளிவந்தது இப்படித்தான். அவரோடு இருந்த வைஸ் இதழின் செய்தியாளர்கள் வெளியிட்ட ஒரு படத்தின் கோப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை அப்படியே இருந்தன, அவை குவாத்தமாலாவைக் காட்டின. பின்னணியில் பலகை ஏதும் தேவைப்படவே இல்லை. கோப்புத் தகவலோடு சிறு முன்னோட்டப் படம் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. சில மென்பொருள்கள் பெரிய படத்தைத் திருத்திவிட்டு இந்தச் சிறிய படத்தைப் பழையபடியே விட்டுவிடும். மறைத்த பலகை அதில் மறையாமல் இருக்கும். ஜிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது Exif, thumbnail இரண்டுக்கும் எதிரே உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். கட்டளை எழுதப் பழகியவர்களுக்கு இது போதும்:

```
exiftool -all= padam.jpg
exiftool padam.jpg
```

முதல் வரி தகவலை நீக்குகிறது, இரண்டாவது வரி என்ன மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிறது. இந்தக் கருவி பாதுகாப்புக்காகப் பழைய கோப்பை padam.jpg_original என்ற பெயரில் அதே உறையில் வைத்துவிடும். உறையை மொத்தமாக அனுப்பினால் அதுவும் போய்ச் சேரும், எனவே அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கைப்பேசியிலேயே திருத்துபவர்கள் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். மார்க்கர் என்று பெயரிட்ட தூரிகை பல கைப்பேசிகளில் முழு அடர்த்தி கொண்டதல்ல. நான்கைந்து முறை தேய்த்தால் கறுப்பாகத் தோன்றும், படத்தின் வெளிச்சத்தை உச்சிக்கு ஏற்றினால் அடியில் எழுத்து தெரியும். மறைத்த பிறகு இதை நீங்களே செய்து பாருங்கள். போர்ட்ரெய்ட் முறையில் பின்னணி அழகாக மங்கிவிடுகிறதே என்று நம்புவதும் தவறு. ஐபோன் போன்ற கைப்பேசிகளில் அந்த மங்கல் பிறகு பூசப்படுவது, மூலக் கோப்பை அப்படியே அனுப்பினால் பெறுபவர் அதை நீக்கிவிடலாம். வெட்டியெடுத்த படமும் ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. கூகுள் பிக்சல் கைப்பேசியின் திருத்தும் கருவி, வெட்டிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, பழையதன் வால்பகுதியை அழிக்காமல் விட்டிருந்தது. வெட்டியெறிந்ததன் பெரும்பகுதியை மீட்க முடியும் என்று 2023 மார்ச்சில் வெளிவந்தது. குறை சரிசெய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன்பு அனுப்பியவை அனுப்பியவைதான். திருத்தி முடித்த படத்தைத் திரையில் முழுதாக வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மட்டும் அனுப்பினால் இவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து தப்பலாம்.

காணொளியில் பலகை நகரும். பத்து வினாடி நேர்காணல் துண்டில் 250 சட்டங்கள் இருக்கும். மறைப்பு பலகையைப் பின்தொடரும்படி மென்பொருளில் அமைக்கலாம், ஆனால் இடையே ஒரு சைக்கிள் குறுக்கே போனால் அது பிடியை விட்டுவிடும். 249 சட்டங்களில் மறைந்து ஒரே சட்டத்தில் தெரிந்தால், தேடுபவருக்கு அந்த ஒன்று போதும். அதனால் சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்த்தே தீர வேண்டும், குறிப்பாகப் பலகை திரைக்குள் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும். காணொளியில் மொசைக் இன்னும் பலவீனமானது. படக்கருவி சற்று அசையும்போதெல்லாம் கட்டங்கள் எழுத்தின் வேறு வேறு இடங்களைச் சராசரி எடுக்கின்றன, ஒவ்வொரு சட்டமும் தேடுபவருக்கு ஒரு புதிய துப்பு. ஒற்றை நிற மறைப்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஒலியையும் கேளுங்கள். பேருந்து நிலையத்தில் நடத்துநர் கூவும் ஊர்ப்பெயரை எந்த மங்கலும் மறைக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் பலகை இல்லாமலே இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018-இல் பெண்களையும் குழந்தைகளையும் வீரர்கள் சுட்டுக் கொல்லும் காணொளி ஒன்று பரவியது. மண் பாதையும் சில வீடுகளும் தவிர அதில் ஒரு பலகைகூட இல்லை. பி.பி.சி. ஆப்பிரிக்கா ஐ குழுவினர் தூரத்தில் தெரிந்த மலைமுகட்டின் கோட்டை எடுத்து நிலவரைபடங்களோடு ஒப்பிட்டார்கள், கேமரூன் நாட்டின் வடக்கில் செலவெட் என்ற ஊருக்கு அருகில் என்று கண்டறிந்தார்கள். பாதையின் வளைவும் மரங்களும் வீடுகளும் செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தின. கொலையாளிகளைக் கண்டுபிடிக்க உதவிய இந்த வழி எல்லோருக்கும் திறந்ததுதான். யானைமலை பின்னால் தெரிந்தால் மதுரைப் பக்கம் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை. கோபுரத்தின் நிலைகளும், ஊராட்சியின் பெயர் எழுதிய மேல்நிலை நீர்த்தொட்டியும் அப்படித்தான். சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் 2022-இல் கூகுளின் தெருக்காட்சி வந்துவிட்டதால், ஒரு மாடிவீட்டின் கம்பியழி வடிவத்தை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

ஆகவே யாரிடமிருந்து மறைக்கிறோம் என்ற கேள்வியைப் பலகையைத் தொடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து இணையத்தில் தேடும் ஒருவரிடமிருந்து என்றால், அழித்து மங்கலாக்கிய பலகையும் சுத்தம் செய்த கோப்பும் பெருமளவு காப்பாற்றும். அதே தாலுகாவில் இருக்கும் ஒருவரிடமிருந்து என்றால் காப்பாற்றாது. தினமும் அந்தத் தெருவில் நடப்பவருக்குப் பலகையின் பெயரே வேண்டாம், திண்ணையும் வேப்பமரமும் போதும். குற்றம் சாட்டப்பட்டவரும் அவரது உறவினர்களும் பெரும்பாலும் அந்தத் தாலுகாவுக்குள்தான் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கதைக்குத் தெருப்படமே எடுக்கக் கூடாது. சுவரைப் பின்னால் வைத்து, காலண்டரைக் கழற்றிவிட்டு, கைகளை மட்டும் எடுக்கலாம். அல்லது பேட்டியை வேறு ஊரில் வைத்துக்கொள்ளலாம். இடத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஆசிரியர் குழு அடம்பிடித்தால் ஓவியரை வரையச் சொல்லுங்கள்.

மறைத்த படத்தை வெளியிடும்போது, அடையாளம் காக்கப் படத்தில் பலகை மறைக்கப்பட்டுள்ளது என்று அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மூலப்படத்தைப் பொது உறையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ விட்டுவைக்காதீர்கள், தேவைப்படும் ஒரே ஒருவரிடம் கடவுச்சொல்லோடு இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன், அந்த மாவட்டத்தைச் சேர்ந்த சக பணியாளர் ஒருவரிடம் படத்தை மட்டும் கொடுத்து, செய்தியைச் சொல்லாமல், ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போடுங்கள்.